ராஜகீழ்ப்பாக்கம் தம்பி பேரில் பதினோரு பில்

குரோம்பேட்டை அண்ணனின் ஏல வெப்சைட் கணக்கை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். டூப்ளிகேட்டைத் தள்ளியிருப்பார், மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் அந்த ஏல வெப்சைட்டில் எங்களுக்கு சீனியர். பிராண்டட் ஹெட்போன் விற்பார். பெயருக்குப் பக்கத்தில் எழுநூறு எண்ணூறு நல்ல ஃபீட்பேக் வைத்திருந்தார். நாங்கள் சயின்டிஃபிக் கால்குலேட்டர் விற்றோம். 'நாங்கள்' என்றால் நானும் என்னோடு இன்ஜினியரிங் படித்த பீர்க்கன்கரணைக்காரனும். இரண்டு பேர் கையிலும் கேம்பஸில் வாங்கிய ஆபர் லெட்டர் இருந்தது. ஜாயினிங் தேதி மட்டும் மாசாமாசம் தள்ளிக்கொண்டே போனது. அமெரிக்காவில் எவனோ வீட்டுக்கடன் கட்டாததற்கு நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெப்சைட்காரர்கள் அனுப்பியிருந்த மெயிலைக் காட்டினார். நீங்கள் விற்கும் பொருள் அசல்தானா என்று பிராண்டு கம்பெனி கேட்கிறது, ஆகவே வாங்கிய பில்லை அனுப்பவும். பில்லில் விற்றவர் பெயர், முகவரி, போன், வரிப் பதிவு எண் இருக்க வேண்டும். வாங்கியவர் பெயர், கணக்கில் பதிவு செய்த உங்கள் பெயராக இருக்க வேண்டும். மாடல், எண்ணிக்கை, தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். ஐந்து வேலை நாள் அவகாசம்.

"என்னண்ணா அனுப்புனீங்க?"

"என்னாத்த அனுப்புறது? எல்லாம் எஸ்டிமேட்டு. ஸ்கேன் பண்ணி அனுப்புனேன். இது என்ன பேப்பர்னு கேட்டான். எஸ்டிமேட்னேன். வீடு கட்டப்போறீங்களான்னு கேக்காத குறை."

"சரக்கு ஒரிஜினல்தானே?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். "டேய், ஒரிஜினலா இல்லையான்னு அவன் கேக்கவே இல்லடா. பேப்பர் இருக்கான்னுதான் கேட்டான்."

வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்கு மேலிருந்த ஷூ டப்பாவை இறக்கிக் கொட்டினேன். அதற்குள் பதினோரு துண்டுச் சீட்டு. ஆறு மாதத்தில் பதினோரு தடவை கால்குலேட்டர் எடுத்திருக்கிறோம், பதினோரு தடவையும் பில் இல்லை, எஸ்டிமேட். கடைப் பெயர் கிடையாது, வரி எண் கிடையாது. மேலே 'எஸ்டிமேட்' என்று ரப்பர் ஸ்டாம்ப், கீழே மாடல் நம்பர், எத்தனை பீஸ், மொத்தம். வாங்கியவர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒவ்வொன்றிலும் அழகான சாய்ந்த கையெழுத்தில் ஒரே பெயர்: ராஜகீழ்ப்பாக்கம் தம்பி.

கணக்கு என் பெயரில் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் அது அக்கா பெயரில் இருந்தது. தொடங்கும்போது என்னிடம் பான் கார்டு இல்லை, நெட் பேங்கிங் இல்லை. அக்காவிடம் இரண்டும் இருந்தன. அவள் சேலையூர் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் கணக்கு டீச்சர். "ஃபார்மாலிட்டிதான்க்கா, உன் பேரு எங்கயும் வராது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். இப்போது அந்த மெயில் வந்தால் அவள் பெயருக்குத்தான் வரும். போலிச் சரக்கு விற்றதாகக் கணக்கை மூடினால் மூடப்படுவது அவள் பெயர். கம்பெனிக்காரன் வக்கீல் நோட்டீஸ் விட்டால், அது பள்ளி கரஸ்பாண்டன்ட் காதுக்கு எட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சர்ச் வாசலில் எட்டாத செய்தி எது?

அவளிடம் சொல்லவில்லை. வெப்சைட் கேட்பதற்கு முன்னால் காகிதத்தைச் சேர்த்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே வராது என்று கணக்குப் போட்டேன்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், குறுகலான படியேறிப் போனால் மாடியில் பாய் கடை. ஸ்டேஷனரி ஹோல்சேல். ஜியாமெட்ரி பாக்ஸ், எக்ஸாம் பேடு, லாங் சைஸ் நோட்டு, அதற்கு நடுவே கண்ணாடி அலமாரியில் கால்குலேட்டர். பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. எங்களை அவரிடம் கூட்டிக்கொண்டு போனவன் பீர்க்கன்கரணைக்காரன். மற்ற இடத்தைவிட அவரிடம் விலை குறைவு. அந்தக் குறைச்சல் ஆறு மாதமாக எனக்கு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குப் படியேறும்போது அதே குறைச்சல் உறுத்தியது. எப்படி இவரால் மட்டும் முடிகிறது?

நான் ஒரு காரியம் செய்தேன். எனக்கு வேண்டியது எங்கள் பில். அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் ரொம்ப விவரமாக வெப்சைட்டின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போயிருந்தேன். சப்ளையர் யாரிடம் வாங்கினார் என்பது வரைக்கும் சங்கிலி தெரிந்தால் நல்லது என்று அதில் போட்டிருந்தது. போன வேகத்தில் அதைக் கேட்டுவிட்டேன்.

"பாய், இந்த கால்குலேட்டர்லாம் நீங்க எங்க எடுக்குறீங்க?"

பாய் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. பேனா மட்டும் கொஞ்சம் மெதுவானது.

"எதுக்குப்பா?"

"இல்ல பாய், நீங்க வாங்குன பில்லு ஒரு ஜெராக்ஸ் வேணும். ஒரிஜினல்னு ப்ரூஃப் காட்டணும்."

"யாருகிட்ட?"

"வெப்சைட்ல."

"அது எங்க கீது?"

"எங்கயும் இல்ல பாய். கம்ப்யூட்டர்ல."

பாய் இப்போது பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகினார். "எங்கயுமே இல்லாத ஒருத்தனுக்கு, நான் எங்க சரக்கு எடுக்குறேன்னு நீ காட்டணும். அப்படித்தானே?"

"ஆமா பாய்."

"டீ சாப்புடுறியா?"

டீ வந்தது. குடித்தேன். பாய் அடுத்த கஸ்டமரிடம் எக்ஸாம் பேடு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டீ முடிந்தும் பேச்சு முடியவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன். அவர் முகத்தில் ஷட்டர் இறங்கியதைப் பார்த்த எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டதாகத் தோன்றியது. மறைக்கிறார். மறைக்கிறார் என்றால் சரக்கு டுபாக்கூர்.

அன்று சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் விசாரணை. இந்த மாடல் பேட்டரி, சோலார் இரண்டிலும் ஓடும். போலியில் சோலார் இடத்தில் வெறும் கறுப்பு பிளாஸ்டிக்கை ஒட்டியிருப்பார்கள் என்று நெட்டில் படித்திருந்தேன். பின்பக்கத் திருகாணியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு வெயிலில் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்டாக்கிலிருந்து ஒன்றைப் பிரித்தேன். பீர்க்கன்கரணைக்காரன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவன் காலேஜ் முழுக்க வைத்திருந்த கால்குலேட்டரைக் கொண்டுவந்திருந்தான்.

"என்னுது கடையில எம்.ஆர்.பி. குடுத்து வாங்குனது மச்சான். இது ஒரிஜினலு. இது கூட வெச்சிப் பாரு, தெரிஞ்சிரும்."

அவன் மேலேயும் எனக்கு ஒரு கண் இருந்தது. பாயை அறிமுகப்படுத்தியவன் அவன். பாயிடமிருந்து ஏதாவது தனியாக வாங்குகிறானோ? "நீ ஏன் பாய்க்கு இவ்ளோ சப்போர்ட்டு?" என்று கேட்டும்விட்டேன்.

"இன்னாடா பேஜாரா கீது ஒன்னோட. ஊர்ல கீறவன் எல்லாம் திருடன், நீ மட்டும் போலீஸா?"

இரண்டிலும் பேட்டரியைக் கழற்றினோம். பாய் கடைச் சரக்கை வெயிலில் திருப்பினேன். ஜம்மென்று சைபர் வந்தது. சைன் முப்பது போட்டேன். அரை என்றது. அவனுடையதைத் திருப்பினான். ஒன்றும் வரவில்லை. இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். செத்துக் கிடந்தது.

"டேய்... நாலு வருஷம்டா."

"அதான் நாலு அரியர்."

அவன் அந்தச் சோலார் பட்டையை நகத்தால் நோண்டினான். ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. அடியில் ஒயர்கூட இல்லை. அரை மணி நேரம் சிரித்தோம். ஆனால் என் சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியது. ஒரு பீஸ் ஒரிஜினல். மற்றவை? கலந்து விற்கிறவன்தான் ரொம்ப சாமர்த்தியமானவன் என்று நான் வாதாடினேன். தவிர, அண்ணன் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. மொட்டைமாடி வெயிலை ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியாது.

இரண்டு நாள் கழித்துப் பீர்க்கன்கரணைக்காரன் பாயிடமிருந்து ஒரு கவர் வாங்கிக்கொண்டு வந்தான். தனியாகப் போய்க் கெஞ்சியிருக்கிறான். உள்ளே ஒரு ஜெராக்ஸ். டிஸ்ட்ரிபியூட்டர் பாய்க்குப் போட்ட பில். பாய் கடைப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, மாடல், எண்ணிக்கை இருக்கிறது. விலை வரிசை வெள்ளையாக இருந்தது, மேலே காகிதப் பட்டை வைத்து மறைத்து எடுத்திருந்தார். அதுகூடப் பரவாயில்லை. பில்லின் நெற்றியில், விற்றவர் பெயர், முகவரி, வரி எண் இருக்கவேண்டிய இடமும் வெள்ளை. அங்கேயும் ஒரு பட்டை.

"பேரே இல்லாத பில்லு! இதுக்கு மேல என்னடா ப்ரூஃப் வேணும் இவரு டுபாக்கூர்னு?" என்று நான் கத்திய சத்தத்தில்தான் அக்கா உள்ளே வந்தாள். விடைத்தாள் கட்டு கையில், சிவப்பு மை விரலில்.

"யாருடா டுபாக்கூர்?"

சொன்னேன். வேறு வழியில்லை. குரோம்பேட்டை அண்ணன், மெயில், ஐந்து நாள், எஸ்டிமேட், பாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. ஷூ டப்பாவை வாங்கிப் பதினோரு சீட்டையும் தேதிவாரியாக அடுக்கினாள். மாதத் தேர்வுத் தாளைப் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மொத்தம் எத்தனை பீஸ் வித்திருக்கீங்க?"

வெப்சைட்டைத் திறந்து எண்ணிச் சொன்னேன். சீட்டில் வாங்கிய மொத்தத்திலிருந்து அதைக் கழித்தாள். பதினேழு. போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை எண்ணினாள். பிரித்த ஒன்றையும் சேர்த்துப் பதினேழு.

"இது சரியா இருக்கு. வாங்குனதுக்கு மேல ஒண்ணுகூட விக்கல. மொதல்ல அவன் பாக்குறது இதாத்தான் இருக்கும்." பிறகு அந்த நெற்றி வெளுத்த ஜெராக்ஸைத் தூக்கிப் பிடித்தாள். "இவர் விலையை மறைச்சது சரி. லாபம் தெரியக் கூடாதுன்னு யாரா இருந்தாலும் மறைப்பாங்க. பேரை ஏன் மறைக்கணும்?"

"அதான்க்கா நானும் கேக்குறேன்! போலி!"

"லூசு. போலின்னா ஜெராக்ஸே குடுத்திருக்க மாட்டாரு. நீ என்னன்னு கேட்ட அவர்கிட்ட?"

நான் கேட்டதை அப்படியே சொன்னேன். அக்கா விடைத்தாள் கட்டால் என் மண்டையில் ஒன்று போட்டாள். "கஸ்டமர் வந்து 'நீங்க எங்க சரக்கு எடுக்குறீங்க'ன்னு கேட்டா கடைக்காரருக்கு என்னடா தோணும்? நாளைக்கு நீ நேரா அங்கயே போயிருவன்னு தோணும். நீ அவரை சந்தேகப்படுறேன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் உன்ன சந்தேகப்படுறாரு."

இந்தக் கோணம் எனக்கு உண்மையிலேயே தோன்றியிருக்கவில்லை. நான் சந்தேகப்படுகிறவன். என்னைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

சனிக்கிழமை பள்ளி அரைநாள். அக்கா நேராகத் தாம்பரத்துக்கு வந்துவிட்டாள். மாடிப்படி ஏறும்போது என்னிடம், "நீ வாயத் தெறக்காத" என்றாள். பாய் அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இந்த வெப்சைட் கணக்கு என் பேர்ல இருக்குங்க," என்றாள் அக்கா. "இவங்க விக்கிறதுக்கு நான்தான் பொறுப்பு. நான் ஸ்கூல் டீச்சர். நாளைக்கு யாராவது போலின்னு சொன்னா வேலைக்கே பிரச்சனை ஆயிரும். நீங்க விலையை எவ்ளோ வேணா மறைச்சிக்கங்க. பேரை மட்டும் மறைக்காதீங்க. பேரில்லன்னா அது பேப்பர்தான், பில்லு இல்ல."

பாய் என்னைப் பார்த்தார். "இத அன்னிக்கே இப்படிச் சொல்றதுக்கென்ன தம்பி? நீ வந்த வேகத்துக்கு, ஒண்ணு சேல்ஸ் டாக்ஸ் ஆளு, இல்லாட்டி என் டிஸ்ட்ரிபியூட்டரத் தூக்கிட்டுப் போற ஆளுன்னு நெனச்சேன்."

"இவங்களுக்கு நீங்க பில்லே போடலையே பாய். எஸ்டிமேட்தானே குடுத்திருக்கீங்க?" என்றாள் அக்கா.

"யாரு போடல?"

பாய்க்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அலமாரிக்கு அடியிலிருந்து ஐந்தாறு பில் புத்தகத்தை இழுத்து மேசையில் போட்டார். கார்பன் வைத்து எழுதும் புத்தகம், அசல் ஒரு தாள், நகல் ஒரு தாள். விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். கடைப் பெயர், முகவரி, வரிப் பதிவுக்கான பதினோரு இலக்க டின் நம்பர், பில் எண், தேதி, எல்லாம் அச்சில். கால்குலேட்டர், மாடல், எண்ணிக்கை, வரி, எல்லாம் தெளிவாக. அசல் தாள் கிழிக்கப்படாமல் அப்படியே புத்தகத்திலேயே இருந்தது. அடுத்த புத்தகத்தில் இன்னொன்று. தேதி வேறு, நடுவில் வேறு வேறு கஸ்டமர்களின் பில், அப்புறம் மறுபடி எங்களுடையது. எல்லாம் சேர்த்துப் பதினொன்று. ஆறு மாதமாக யாராவது வந்து கிழித்துக்கொண்டு போவார்கள் என்று காத்துக்கொண்டு கிடந்தன.

"மொத நாள் நானே கேட்டேன், பில்லு வேணுமான்னு. உங்க தம்பி இன்னா சொன்னாரு தெரியுமா? 'பில்லெல்லாம் எதுக்கு பாய், நம்மகிட்டயா, எஸ்டிமேட்டே போதும்.' இப்படிக் காலத் தூக்கிக் கால் மேல போட்டுக்கினு. சரி, பெரிய யாவாரி போலன்னு நானும் எஸ்டிமேட் கிழிச்சிக் குடுத்தேன். அதுக்காக நான் கணக்குல எழுதாம இருக்க முடியுமா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததுதான் பயமாக இருந்தது. நான் சொன்னது உண்மை. பில் கேட்கிறவன் புதுசு, எஸ்டிமேட் என்று சொல்கிறவன் தொழில் தெரிந்தவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, முதல் நாளே தொழில் தெரிந்தவனாக ஆகிவிட ஆசைப்பட்டேன்.

"பாய், அந்த பதினொண்ணையும் கிழிச்சிக் குடுங்க," என்றேன். வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவு மறந்துவிட்டது. இந்த மாதிரி நல்ல பில்லை நான் பார்த்ததே இல்லை. முன்தேதி போட்டு எழுதிய பில் இல்லை. எண் வரிசை, மை, தேதி, எல்லாம் தானாகவே சரியாக இருந்தது. எவன் கேட்டாலும் முகத்தில் விட்டெறியலாம்.

பாய் ஸ்கேல் வைத்துக் கிழித்துக் கிழித்து அடுக்கினார். அக்கா மேல் தாளை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

வாங்கியவர் பெயர்: ராஜகீழ்ப்பாக்கம் தம்பி.

பதினொன்றிலும் அதேதான்.

"பேரே கேக்கலியே பாய் நீங்க," என்றாள் அக்கா மெதுவாக.

"பேரு எதுக்கும்மா? என் கடைக்கு வர்றவங்க எல்லாம் இப்படித்தான். குன்றத்தூர் சாரு, கேம்ப் ரோடு அக்கா, ராஜகீழ்ப்பாக்கம் தம்பி. எனக்கு ஆளு தெரியும்ல."

நான் உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன். "க்கா, 'ராஜகீழ்ப்பாக்கம்'னு இருக்கு இல்ல, அதுக்கு முன்னாடி கொஞ்சம் கேப் இருக்கு. அதே நீல மையில உன் பேரை..."

"பத்தாவதுல லீவ் லெட்டர்ல அப்பா கையெழுத்தப் போட்டவன்தானே நீ? அன்னிக்கு எப்படி மாட்டுன?"

அன்றைக்கும் மை ஒன்றுதான். அழுத்தம் வேறு.

"ஒரு எழுத்து சேத்தாகூட நல்ல பில்லு கள்ள பில்லா ஆயிரும்," என்றாள். "இருக்கிறது இருக்கட்டும். பாய், உங்க லெட்டர்பேடுல ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்க பில்லுல ராஜகீழ்ப்பாக்கம் தம்பின்னு இருக்கிறது, இந்த விலாசத்துல இருக்கிற இன்னாருக்காக வாங்கிட்டுப் போறவருதான்னு. உண்மையத்தான எழுதுறோம்?"

பாய் எழுதினார், கையெழுத்துப் போட்டார், சீல் குத்தினார். டிஸ்ட்ரிபியூட்டர் பில்லை மறுபடி ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தனுப்பினார். இந்தத் தடவை பட்டை விலை மேல் மட்டும். கூடவே, அவர் அந்த பிராண்டுச் சரக்கை எடுத்து விற்பவர்தான் என்று டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்திருந்த கடிதத்தின் நகலும் வந்தது. அன்றே அக்கா பன்னிரண்டாவது தடவையாக இருபத்துநான்கு பீஸ் எடுக்கச் சொன்னாள். அதற்கு அவள் முழுப் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் போட்டு பில். பாய் பின்கோடு எழுதும்போது, "கல்யாணப் பத்திரிகை மாதிரி கீதும்மா" என்றார்.

பழைய பதினேழு பீஸை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தாள். புதிய இருபத்துநான்கு மட்டும் போட்டோம். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வரிசையாகக் குத்தினாள்: எங்கள் பில், அதற்குப் பின்னால் பாய் வாங்கிய பில், அதற்குப் பின்னால் இரண்டு கடிதமும்.

நான் மட்டும் அடங்கவில்லை. அந்த ஃபைலைப் பார்க்கப் பார்க்க, டிஸ்ட்ரிபியூட்டர் பில்லே பொய்யாக இருந்தால் என்ற எண்ணம் அரித்தது. ஜெராக்ஸில் போன் நம்பர் பளிச்சென்று இருந்தது. திங்கட்கிழமை போன் போட்டேன். பில் எண், தேதி சொல்லிச் சரிபார்த்தேன். ஒரு அம்மா கம்ப்யூட்டரில் பார்த்து, "ஆமா சார், தாம்பரம் பார்ட்டி, கரெக்ட்" என்றார். அதோடு வைத்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், டைரக்டா எடுத்தா என்ன ரேட் வரும்?" என்று கேட்டுவிட்டேன்.

"டீலர் டின் நம்பர் இருக்கா சார்? மினிமம் பத்து கார்ட்டன் எடுக்கணும்."

வைத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் பத்து கார்ட்டன் போகாது.

ஃபர்ஸ்ட் இயர் காலேஜ் திறந்து ஆர்டர் பிய்த்துக்கொண்டு வந்த வாரத்தில் அந்த மெயில் வந்தது. அண்ணனுக்கு வந்த அதே வாசகம், பெயர் மட்டும் அக்காவுடையது. பட்டியலை முடக்கியிருந்தார்கள். போன ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் ஃபைலை முழுசாக ஸ்கேன் செய்து அரை நாளில் அனுப்பினேன். இருந்த திமிரில் அண்ணனையும் கூப்பிட்டு வேடிக்கை பார்க்க வைத்தேன்.

மறுநாள் வெப்சைட்டின் பம்பாய் ஆபீஸிலிருந்து போன். ஆங்கிலத்தில் ஒருத்தர். அக்கா பள்ளியில் இருந்ததால் நான் எடுத்தேன்.

"திரு. தம்பியின் அடையாள அட்டை நகல் தேவை," என்றார்.

"யாருடையது?"

"பதினோரு பில்லில் இருக்கிறாரே, ஆர். தம்பி. ராஜ... ராஜகீல்..."

"சார், அது பெயர் இல்லை. அது ஊர். தம்பி என்றால் இளைய சகோதரர்."

"யாருக்கு இளைய சகோதரர்?"

"கணக்கு வைத்திருப்பவருக்கு."

"அப்படியானால் கடைக்காரர் ஏன் அவரைச் சகோதரர் என்கிறார்? சப்ளையரும் விற்பவரும் ஒரே குடும்பமா?"

"இல்லை சார். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தம்பி."

எதிர்முனையில் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. எங்கள் விதியை எவனோ ஒரு கட்டத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் கணக்கு மூடியதிலிருந்து நான் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வையால் இப்போது ஒரு ஆள் போனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாள் அக்கா சாப்பிடும்போது மட்டும், "வந்துச்சா?" என்பாள். "இல்ல" என்பேன். மூன்றாவது நாள் வந்தது. பன்னிரண்டாவது பில்லும் அதன் பின்னால் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர் பில்லும் ஏற்கப்பட்டன. கணக்கு தொடரலாம். அந்த பில்லில் உள்ள எண்ணிக்கைக்கு மட்டும் விற்கலாம். போலி என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதால் பழைய விற்பனை மீது நடவடிக்கை இல்லை. ஆனால் 'திரு. தம்பி' பெயரில் உள்ள பதினோரு பில்லையும் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது.

அக்கா மெயிலை இரண்டு முறை படித்தாள். தன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டாள். பிறகு, "பதினேழு பீஸை என்ன பண்ணப்போற, திரு. தம்பி?" என்று கேட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போனாள்.

பதினேழையும் பையில் போட்டுக்கொண்டு பாயிடம் போனேன். திருப்பி எடுத்துக்கொண்டு, அதே மாடலை அக்கா பெயரில் புதிய பில்லோடு தருவாரா என்று கேட்டேன். பாய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். சீல் பிரிந்திருந்த ஒன்றை எடுத்துப் பின்பக்கத் திருகாணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தனியாக எடுத்து ஓரமாக வைத்தார்.

"பதினாறு மாத்தித் தரேன். இது ஒன்னோடது."

"சரி பாய்."

"டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு," என்றார், அடுத்த டப்பாவைத் திறந்துகொண்டே. "என் பில் நம்பரச் சொல்லி ஒருத்தன் செக் பண்ணானாம். சரி, டீச்சரம்மா தம்பியா இருக்கும், பண்ணட்டும்னேன். அப்புறம் ரேட் கேட்டானாமே?"

நான் அலமாரியில் இருந்த ஜியாமெட்ரி பாக்ஸ்களை எண்ணினேன்.

"பாய், அது சும்மா..."

"டீ சாப்புடுறியா?"

டீ வந்தது. பாய் பில் புத்தகத்தைத் திறந்து கார்பனைச் செருகினார். அக்காவின் முழுப் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாவற்றையும் ஒரு தப்பில்லாமல், என்னைக் கேட்காமல் எழுதினார். மாடல், பதினாறு பீஸ், வரி. கீழே 'சரக்கைப் பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அதே அழகான சாய்ந்த கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். நான் தலைகீழாகப் படித்தேன்.

ரேட் கேட்ட தம்பி.

"பாய்! பாய், வேணாம் பாய்! இதுக்கும் ஐ.டி. கேப்பாங்க பாய்!"

பாய் தலை நிமிரவில்லை. ஸ்கேலை எடுத்து வைத்து, இந்தத் தடவை நான் கேட்காமலே அசலைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.